லைக் போட முடியாதவர்களை எப்படி எண்ணுவது?

(திருப்பூரில் சமூக ஊடகப் பக்கங்கள் நடத்தும் இளம் தோழர்களுக்கான பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்த தலைப்பு, எந்த வகைப் பதிவுக்கு வரவேற்பு அதிகம் என்பதை இன்ஸ்டாகிராம் புள்ளிவிவரத்தின் ஸ்கிரீன்ஷாட்களை வைத்து எப்படிக் கண்டுபிடிப்பது என்பது. கேட்டால் மார்க்கெட்டிங் ஆட்கள் பேச வேண்டிய விஷயம் மாதிரி இருக்கிறது. நான் பத்து வருடம் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தவன். இப்போது நாலைந்து நண்பர்களோடு சேர்ந்து சாதி ஒழிப்பு, தொழிலாளர் சட்டம் பற்றி ஒரு சின்னப் பக்கம் நடத்துகிறேன். அந்தப் பக்கத்தில் இந்தக் கணக்கைத் தப்பாகப் போட்டு, அதை நம்பி ஒரு தப்பான முடிவு எடுக்கப் போனோம். அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன். எண்களைக் கணக்குக்கு வசதியாக உருண்டையாக்கியிருக்கிறேன்.

எங்கள் பக்கத்தைப் பின்தொடர்பவர்கள் சுமார் 4,000 பேர். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, அடுத்த மூன்று மாதம் என்ன மாதிரி பதிவு போடுவது என்று பேசினோம். எங்களிடம் இருந்தது இரண்டு வகை. ஒன்று ரீல். இன்னொன்று கரோசல், அதாவது ஏழெட்டுப் படங்களை விரலால் தள்ளித் தள்ளிப் படிக்கிற அட்டைத் தொகுப்பு. வேலைக்குப் போய்விட்டு வந்து இரவில் செய்கிறோம். இரண்டையும் வாரா வாரம் செய்ய ஆள் இல்லை. ஒன்றைக் குறைத்தாக வேண்டும்.

ஒரு தோழர் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு ஸ்கிரீன்ஷாட் போட்டார். முதலாவது, உடுமலை சங்கர் கொலை பற்றிய ரீல். 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டை பேருந்து நிலையப் பகுதியில், பட்டப்பகலில் நடந்த கொலை. அதன் கண்காணிப்பு கேமராக் காட்சியை இங்கே பார்க்காதவர் யாரும் இருக்க மாட்டீர்கள். நாங்கள் அந்தக் காட்சியைப் போடவில்லை. படங்களும் இசையும் மட்டும். 42,000 வியூஸ். 1,000 லைக், 600 கமெண்ட், 140 ஷேர், 60 சேவ். இரண்டாவது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் புகார் கொடுக்கப் போகும்போது என்ன தெரிந்திருக்க வேண்டும் என்ற கரோசல். 130 லைக், 15 கமெண்ட், 60 ஷேர், 95 சேவ்.

"இதுக்கு மேல என்ன பேச இருக்கு? கரோசலை நிறுத்திரலாம்" என்றார் அவர். பாதிப் பேர் தலையாட்டினோம்.

அங்கே ஜி.எஸ்.எம். போடுகிற ஒரு தோழர் இருந்தார். துணி டெஸ்டிங்கில் வேலை. அவர் ஒரு கேள்வி கேட்டார்: "எடையை மட்டும் சொல்றீங்க. எத்தனை பரப்புக்கு இந்த எடை?"

திருப்பூர்க்காரர்களுக்கு இது உடனே புரியும். ஒரு ரோல் துணி இருபது கிலோ, இன்னொன்று பத்துக் கிலோ என்றால் எது கனமான துணி என்று சொல்ல முடியாது. நூறு சதுர சென்டிமீட்டர் வட்டமாக வெட்டி, எடை போட்டு, நூறால் பெருக்கினால்தான் ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று தெரியும். எங்கேஜ்மென்ட் ரேட் என்பதும் இதேதான். லைக், கமெண்ட், ஷேர், சேவ் நான்கையும் கூட்டினால் எடை. அதைப் பரப்பால் வகுத்தால் விகிதம். கேள்வியே எது பரப்பு என்பதுதான்.

மூன்று விதமாக வகுக்கிறார்கள். பின்தொடர்பவர் எண்ணிக்கையால் வகுப்பது ஒன்று. வியூஸால் வகுப்பது இன்னொன்று. பதிவு எத்தனை தனித்தனிக் கணக்குகளுக்குப் போய்ச் சேர்ந்தது என்ற ரீச்சால் வகுப்பது மூன்றாவது. திரையில் Accounts reached என்று வரும் எண் அது. ஒரே ஆள் மூன்று தடவை பார்த்தால் வியூஸ் மூன்று, ரீச் ஒன்று.

எங்கள் ரீலுக்கு மொத்தக் கூட்டல் 1,800. கரோசலுக்கு 300. பின்தொடர்பவர் 4,000-ஆல் வகுத்தால் ரீல் 45 சதவீதம், கரோசல் 7.5 சதவீதம். ரீல் ஆறு மடங்கு. இப்போது ரீச்சைத் தேடி எடுத்தோம். ரீல் 30,000 பேருக்குப் போயிருந்தது, கரோசல் 1,500 பேருக்கு. 1,800-ஐ 30,000-ஆல் வகுத்தால் 6 சதவீதம். 300-ஐ 1,500-ஆல் வகுத்தால் 20 சதவீதம். கரோசல் மூன்று மடங்குக்கு மேல்.

அதே இரண்டு பதிவு, அதே எண்கள். வகுக்கும் எண்ணை மாற்றினால் ஜெயித்தது தோற்கிறது. ஆகவே முதல் விஷயம் இது: யாராவது "எங்கள் எங்கேஜ்மென்ட் இத்தனை சதவீதம்" என்று ஸ்கிரீன்ஷாட் காட்டினால், எதால் வகுத்தீர்கள் என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அந்த எண்ணை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ரீலை வியூஸாலும் கரோசலை ரீச்சாலும் வகுத்து ஒப்பிடுவதும் அடிக்கடி நடக்கிற தப்பு. ஒரு துணியை மீட்டரிலும் இன்னொன்றை கஜத்திலும் அளக்கிற மாதிரி.

ஆனால் இதோடு கரோசல் ஜெயித்துவிட்டது என்றும் முடித்துவிடக் கூடாது. ரீச்சால் வகுப்பதிலும் ஒரு சாய்வு இருக்கிறது. கரோசல் போனது பெரும்பாலும் நம்மை ஏற்கெனவே பின்தொடர்கிறவர்களுக்கு. ரீல் போனதில் பத்தில் ஒன்பது பேர் நம்மைத் தெரியாதவர்கள். தெரிந்தவர் வீட்டில் கதவைத் தட்டினால் திறப்பார்கள்; தெரியாத தெருவில் தட்டினால் சிலர்தான் திறப்பார்கள். ஒவ்வொரு பதிவின் புள்ளிவிவரத்திலும் பின்தொடர்பவர் எவ்வளவு, மற்றவர் எவ்வளவு என்று ஒரு வட்டப் படம் இருக்கும். ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போது அதையும் சேர்த்து எடுங்கள். அது இல்லாமல் 6-ஐயும் 20-ஐயும் பக்கத்தில் வைப்பது நியாயமில்லை.

அடுத்து அந்த 600 கமெண்ட்டுக்கு வருகிறேன். இதுதான் நம்மைப் போன்ற பக்கங்களுக்கே உரிய சிக்கல்.

மூன்று பேர் உட்கார்ந்து, இரண்டு இரவில் அத்தனையும் படித்தோம். ஏறக்குறைய 410 கமெண்ட் வசவு. சாதிப் பெருமை பேசியவை, கொலையை நியாயப்படுத்தியவை, எங்கள் வீட்டுப் பெண்களை இழுத்தவை. இன்னொரு 90, அவர்களுக்கு நம் ஆட்கள் கொடுத்த பதிலடி. மிச்சம் நூறுதான் பேசத் தகுந்தது. கருவிக்கு இதெல்லாம் தெரியாது. வசவும் ஒரு கமெண்ட், ஆறுதலும் ஒரு கமெண்ட். இரண்டையும் ஒன்றாகக் கூட்டி "ஈடுபாடு" என்று பெயர் வைக்கிறது. அந்த 500-ஐக் கழித்தால் எங்கள் ரீலின் 6 சதவீதம் 4.3 ஆகிறது.

இது தற்செயலான குறை இல்லை. 2021-இல் வெளிவந்த ஃபேஸ்புக்கின் உள் ஆவணங்களை நினைவில் வையுங்கள். 2017 முதல் அந்த நிறுவனம், ஒரு பதிவை எத்தனை பேருக்குக் காட்டுவது என்று கணக்கிடும்போது, கோப முகக் குறிக்கு ஒரு லைக்கைப் போல ஐந்து மடங்கு மதிப்புக் கொடுத்திருந்தது. கோபம் வரவழைக்கிற பதிவுகளில் பொய்யும் நஞ்சும் அதிகம் என்று அவர்களுடைய ஆட்களே எழுதினார்கள். கடைசியில் 2020-இல்தான் அந்த மதிப்பைப் பூஜ்யமாக்கினார்கள். மூன்று வருடம் உலகம் முழுவதும், சண்டை மூட்டுகிற பதிவுதான் "நல்ல" பதிவு என்று எண்கள் சொல்லிக்கொண்டிருந்தன.

திருப்பூருக்கு இதன் விலை தெரியும். 2023 மார்ச் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. பழைய காட்சிகள், வேறு ஊர்களில் நடந்தவை, சம்பந்தமே இல்லாதவை. நம்மோடு ஒரே லைனில் உட்கார்ந்து தைத்தவர்கள் பயந்துபோய் மூட்டை கட்டினார்கள். மாவட்ட நிர்வாகமும் காவல்துறையும் உதவி எண்களை அறிவித்து, அவர்கள் மொழியிலேயே விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. எங்கேஜ்மென்ட் ரேட்டை மட்டும் வைத்துப் பார்த்தால், அந்தப் பொய் வீடியோக்கள்தான் அந்த மாதத்தின் "சிறந்த உள்ளடக்கம்".

ஆகவே கூட்டல் தொகையை அப்படியே எடுக்கக் கூடாது என்று முடிவு செய்தோம். அப்படியானால் எதை எடுப்பது?

இதற்குப் பதில் எங்களுக்கு ஒரு பெண்ணிடமிருந்து கிடைத்தது. ஒரு கம்பெனியின் பேக்கிங்கில் வேலை செய்கிறவர். அவர் எங்களுக்குத் தனிச்செய்தி அனுப்பினார். "அண்ணா, விசாரணை அதிகாரி பற்றி ஒரு அட்டை போட்டீங்களே, அதை சேவ் பண்ணி வச்சிருந்தேன், போன் மாத்துனதுல தேட முடியல, திரும்ப அனுப்புங்க." அவர் எங்கள் பதிவு எதற்கும் லைக் போட்டதே இல்லை. கேட்டேன். "என் சூப்பர்வைசரும் லைன்ல இருக்கிறவங்களும் என் ஃபாலோயர்ஸ்ல இருக்காங்க. நான் லைக் போட்டா அவங்களுக்குத் தெரியும்" என்றார்.

இதைக் கொஞ்சம் நின்று யோசியுங்கள். லைக் என்பது வெளியே தெரிகிற செயல். பொதுப் பக்கத்தில் யார் லைக் போட்டார்கள் என்று எவரும் பார்க்கலாம். நண்பர்களுக்கு "இன்னார் விரும்பினார்" என்று அதுவே காட்டும். கமெண்ட் இன்னும் வெளிப்படை. தன் சாதியை மறைத்து வாடகை வீட்டில் இருக்கிற ஒருவர், வீட்டுக்காரர் பையனும் இன்ஸ்டாகிராமில் இருக்கும்போது, சாதி எதிர்ப்புப் பதிவுக்கு லைக் போடுவாரா? சேவ் அப்படியில்லை. யார் சேவ் செய்தார் என்பது பக்கம் நடத்துகிற நமக்கே தெரியாது. எண்ணிக்கை மட்டும்தான் வரும். தனிச்செய்தியில் அனுப்புவதும் அப்படித்தான்.

அப்படியென்றால், யாருக்காகப் பக்கம் நடத்துகிறோமோ அவர்கள்தான் லைக் கணக்கில் மிகக் குறைவாக விழுகிறார்கள். ஆபத்தில்லாதவர்கள் போடும் லைக்கும், எதிரிகள் போடும் கமெண்ட்டும் சேர்ந்து நம் எண்ணை ஊதிப் பெரிதாக்குகின்றன. இந்த எண்ணைப் பார்த்துப் பதிவு வகையைத் தேர்ந்தெடுத்தால், நம் ஆட்களை விட்டுவிட்டு மற்றவர்களுக்காகப் பக்கம் நடத்துவோம்.

எனவே நாங்கள் ஒரு தனி விகிதம் வைத்துக்கொண்டோம். சேவும் ஷேரும் மட்டும் கூட்டி, ரீச்சால் வகுத்து, ஆயிரம் பேருக்கு எத்தனை என்று சொல்வது.

```
மௌன விகிதம் = (சேவ் + ஷேர்) ÷ ரீச் × 1000
```

சங்கர் ரீலுக்கு 200-ஐ 30,000-ஆல் வகுத்தால், ஆயிரம் பேருக்கு 7. கரோசலுக்கு 155-ஐ 1,500-ஆல் வகுத்தால், ஆயிரம் பேருக்கு 103. இதை எங்கள் மனசமாதானத்துக்காகச் செய்துகொண்ட கணக்கு என்று நினைக்காதீர்கள். இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொசெரி 2025 ஜனவரியில் சொன்னது: பதிவைத் தரவரிசைப்படுத்துவதில் முக்கியமானவை மூன்று, பார்க்கும் நேரம், ரீச்சுக்கு எத்தனை லைக், ரீச்சுக்கு எத்தனை பேர் பிறருக்கு அனுப்பினார்கள். நம்மைப் பின்தொடராத புதியவர்களிடம் பதிவு போவதற்கு, அனுப்புவது லைக்கைவிட அதிகம் உதவும் என்பதும் அவர் சொன்னதுதான்.

ஒரு எச்சரிக்கை. விகிதத்தை மட்டும் பார்க்காதீர்கள், தலையையும் எண்ணுங்கள். ரீலில் மௌனமாக எடுத்துக்கொண்டவர்கள் 200, கரோசலில் 155. ஆளாக எண்ணினால் ரீல் குறைந்து போகவில்லை. எங்கள் கேள்வி உழைப்பைப் பற்றியது என்பதால் அதையும் எழுதினோம். அந்த ரீலுக்கு நான்கு இரவு, பிறகு கமெண்ட் படித்து அழிக்க இரண்டு இரவு. கரோசலுக்கு இரண்டு இரவு. ஓர் இரவுக்கு 33 பேர், 78 பேர். இந்தக் கடைசி எண்தான் எங்கள் முடிவுக்குப் பக்கத்தில் வந்த எண்.

இன்னும் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. ரீல் ஒரு கொலையைப் பற்றியது. கரோசல் சட்டத்தைப் பற்றியது. வித்தியாசம் வடிவத்தால் வந்ததா, விஷயத்தால் வந்ததா? இரண்டு ஸ்கிரீன்ஷாட்டை எவ்வளவு நேரம் முறைத்தாலும் இதற்குப் பதில் கிடைக்காது. ஒரு ஆபரேட்டர் ஓவர்லாக்கில் ரிப் துணி தைக்கிறார், இன்னொருவர் பேட்லாக்கில் சிங்கிள் ஜெர்சி தைக்கிறார். பீஸ் குறைவாக வந்தால் மிஷினா, துணியா, கையா என்று எப்படிச் சொல்வது? துணியை ஒன்றாக்கினால்தான் சொல்லலாம்.

ஆகவே நான்கு விஷயம் எடுத்தோம். ஒவ்வொன்றையும் ரீலாகவும் போட்டோம், கரோசலாகவும் போட்டோம். அதில் ஒன்று 2018 ஜூலையில் அவிநாசி பக்கம் திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில் நடந்தது. பாப்பாள் அம்மா சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஆதிக்க சாதியினர் பள்ளியை முடக்கினார்கள். அதிகாரி அவரை இடம் மாற்றினார். போராட்டம் வந்த பிறகு அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது, வழக்கும் பதிவானது. இன்னொன்று, வன்கொடுமை வழக்கைத் துணைக் கண்காணிப்பாளர் அந்தஸ்துக்குக் குறையாதவர்தான் விசாரிக்க வேண்டும் என்கிற விதி ஏழு. மூன்றாவது, முதல் தகவல் அறிக்கை போட முன்விசாரணை தேவையில்லை என்று 2018 திருத்தத்தில் வந்த 18-ஏ பிரிவு. நான்காவது, சாதி கேட்டு வீடு மறுப்பது.

இதில் நாங்கள் கவனித்த ஒழுங்கு மூன்று.

முதலாவது, வரிசை. ஒரே விஷயத்தை இரண்டாவது தடவை போட்டால் பார்த்தவர்களுக்குச் சலிப்பு வரும். இரண்டாவதாக வருவது அநியாயமாகத் தோற்கும். அதனால் இரண்டு விஷயத்தில் ரீல் முன்னால், இரண்டில் கரோசல் முன்னால். நடுவில் இரண்டு வாரம் இடைவெளி.

இரண்டாவது, நேரம். முன்பெல்லாம் காலை பதினோரு மணிக்குப் போட்டுக்கொண்டிருந்தோம். அந்த நேரம் நம் ஆட்களின் போன் பையில் இருக்கும், அல்லது கேட்டில் வாங்கி வைத்திருப்பார்கள். ஒன்றரை ஷிப்ட் முடிந்து, குளித்து, சாப்பிட்டு உட்காரவே ஒன்பதரை ஆகும். சனிக்கிழமை சம்பள நாள், கடைத்தெருவில் இருப்பார்கள். அதனால் எட்டுப் பதிவையும் புதன்கிழமை இரவு ஒன்பதரைக்கே போட்டோம்.

மூன்றாவது, ஸ்கிரீன்ஷாட் எடுக்கும் நாள். ஈரத்துணியை எடை போட்டால் ஜி.எஸ்.எம். கூடுதலாகத்தான் காட்டும் என்பது டெஸ்டிங் தெரிந்தவர்களுக்குத் தெரியும். பதிவும் அப்படி ஊறிக்கொண்டிருக்கும் பொருள். கரோசல் பெரும்பாலும் இரண்டு நாளில் ஓடி முடிந்துவிடுகிறது. ரீல் ஐந்தாம் நாள்கூட எழுந்து ஓடும். மறுநாள் எடுத்த கரோசல் ஸ்கிரீன்ஷாட்டையும் மூன்று வாரம் கழித்து எடுத்த ரீல் ஸ்கிரீன்ஷாட்டையும் ஒப்பிடுவது வீண்வேலை. எங்கள் முதல் சண்டையில் நடந்தது அதுதான். அதனால் ஒவ்வொரு பதிவுக்கும் ஏழாம் நாள் இரவு, போட்ட அதே நேரத்தில், ஒரே ஆள் எடுத்தார். மேலே தேதியும் நேரமும் தெரிய, வெட்டாமல் எடுத்து, அன்றே நோட்டில் எழுதினார். வெட்டிய ஸ்கிரீன்ஷாட்டைக் குழுவில் ஏற்பதில்லை என்று முடிவு வைத்தோம். பக்கத்தைப் புரொஃபஷனல் கணக்காக மாற்றியிருந்தால்தான் இந்த விவரம் வரும், அதுவும் மாற்றிய பிறகு போட்ட பதிவுகளுக்குத்தான் என்பதையும் நினைவில் வையுங்கள்.

முடிவுகள் வந்தன. மௌன விகிதம், ஆயிரம் பேருக்கு: நான்கு கரோசலுக்கு 40, 70, 80, 90. நான்கு ரீலுக்கு 9, 12, 14, 61.

சராசரி போட்டால் ரீலுக்கு 24 வரும். ஆனால் 24-க்குப் பக்கத்தில் எந்த ரீலும் இல்லை, பாருங்கள். அந்த ஒரு 61 தனியாக இழுத்துவிட்டது. இந்த மாதிரி இடத்தில் வரிசைப்படுத்தி நடுவில் இருப்பதை எடுங்கள். ரீலுக்கு நடு எண் 13, கரோசலுக்கு 75. விஷயம் ஒன்றாக இருந்தபோதும், நேரமும் நாளும் ஒன்றாக இருந்தபோதும், வித்தியாசம் ஐந்து மடங்குக்கு மேல். நான்கு ஜோடி என்பது சின்னக் கணக்குதான். ஆனால் இவ்வளவு பெரிய இடைவெளியை நம்பலாம். 70-க்கும் 80-க்கும் உள்ள வித்தியாசத்தை நம்ப முடியாது; அதை வைத்து எந்த விஷயம் சிறந்தது என்று யாரும் சண்டை போட வேண்டாம்.

இப்போது அந்த 61-ஐப் பாருங்கள். ஒதுக்கித் தள்ள வேண்டிய எண் இல்லை அது. எங்களுக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது அதுதான். அது விதி ஏழு பற்றிய ரீல். மற்ற மூன்று ரீலிலும் படங்கள், பின்னணி இசை, உணர்ச்சியான வரிகள். இந்த ஒன்றில் மட்டும், ஓவர்லாக் மிஷினில் ஓடும் இரண்டு கைகள், முகம் இல்லை. ஒரு குரல் முப்பத்தைந்து நொடியில், ஸ்டேஷனில் யார் விசாரிக்க வேண்டும், வேறு யாராவது விசாரித்தால் என்ன எழுதிக் கொடுக்க வேண்டும் என்று சொல்கிறது. அந்த வாசகம் திரையில் எழுத்தாகவும் வருகிறது. ஆட்கள் அதைப் பத்திரப்படுத்தினார்கள், அனுப்பினார்கள். தேவைப்படும் நாளில் எடுத்துப் பார்க்க அதில் ஒரு பொருள் இருந்தது.

அப்படியென்றால் நாங்கள் கேட்ட கேள்வியே பாதி தப்பு. ரீலா கரோசலா என்று கேட்டோம். பதில், கையில் எடுத்துப் போக ஏதாவது இருக்கிறதா இல்லையா என்பதாக வந்தது. கரோசல் எழுத்தால் ஆனது என்பதால் அதில் அது இயல்பாக அமைந்துவிடுகிறது. ரீலில் நாம்தான் மெனக்கெட்டு வைக்க வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டில் வடிவத்தின் பெயர் மட்டும்தான் இருக்கும். இந்த வித்தியாசம் அதில் தெரியாது. பதிவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

இந்தக் கணக்கு பிடிக்காத ஒன்றும் உண்டு. நம் ஆட்கள் பதிவை அனுப்புவது இன்ஸ்டாகிராமில் மட்டுமில்லை. அட்டையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுகிறார்கள், ஹாஸ்டல் குழுவில் போடுகிறார்கள். இது எந்தக் கணக்கிலும் வராது. நாங்கள் அட்டையின் மூலையில் சின்னதாக எண் போட ஆரம்பித்தோம். கேட்டுத் தொடர்பு கொள்கிறவர்களிடம், எந்த நம்பர் அட்டையைப் பார்த்தீர்கள் என்று கேட்டு எழுதி வைக்கிறோம். மூன்று மாதத்தில் வந்த அழைப்புகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஆனால் அதில் பாதிப் பேர் எங்கள் பக்கத்தைப் பின்தொடர்வதே இல்லை. யாரோ அனுப்பிய அட்டையைப் பார்த்து வந்தவர்கள். நோட்டில் கடைசிப் பத்தி அவர்களுக்கானது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். புள்ளிவிவரத் திரையைப் பகிரலாம், அதில் எண்தான் இருக்கிறது. கமெண்ட், தனிச்செய்தி, லைக் போட்டவர் பட்டியல் ஆகியவற்றின் ஸ்கிரீன்ஷாட்டை எந்தக் குழுவிலும் போடாதீர்கள். "நமக்கு இவ்வளவு ஆதரவு" என்று காட்டுகிற ஆசையில், யாரோ ஒருவர் பெயரை அவருடைய சூப்பர்வைசர் கையில் கொடுத்துவிடுவோம்.

கடைசியில் நாங்கள் எடுத்த முடிவு இது. இசையும் படமும் வைத்த ரீலை நிறுத்திவிட்டோம். வாரம் ஒரு கரோசல். மாதம் ஒரே ஒரு ரீல், அதிலும் எடுத்துப் போக ஒரு விஷயம் கட்டாயம் இருக்க வேண்டும். புதியவர்களிடம் போய்ச் சேர ரீல் வேண்டும், அதை மறுக்கவில்லை. சங்கர் ரீல் வழியாகத்தான் பலர் எங்களைக் கண்டுபிடித்தார்கள். எங்கள் மொத்த வியூஸ் முன்பைவிடக் குறைந்திருக்கிறது. குழுவில் சிலருக்கு இன்னும் வருத்தம்தான். அவர்களிடம் நோட்டைக் காட்டுகிறோம்.

நீங்கள் கொண்டு வந்திருக்கிற ஸ்கிரீன்ஷாட்களை இப்போது எடுங்கள். ஒவ்வொன்றிலும் பதிவு போட்ட நாள், ஸ்கிரீன்ஷாட் எடுத்த நாள், ரீச், சேவ், ஷேர் ஐந்தும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாததைத் தனியாக வையுங்கள். இருப்பதை வைத்து, சாப்பாட்டுக்கு முன்னால் எல்லாருமாக உட்கார்ந்து கணக்குப் போடுவோம்.